மந்தாரைத் தையல் இலைகள் பூஞ்சணம் பிடித்து வந்தது குறித்து

கும்பகோணம்
திங்கட்கிழமை

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நேற்றைய வளைகாப்பு விருந்துக்காகத் தங்களிடம் வாங்கிய 600 தையல் இலைகள் வெள்ளிக்கிழமை மாலை வந்து சேர்ந்தன. மேலடுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கட்டைப் பிரித்ததும் முடைவாடை அடித்தது, நடுவிலிருந்த இலைகளில் ஈர்க்குக் குத்திய இடமெல்லாம் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. மற்றவையோ, தண்ணீர் தெளித்து வைத்தும் பதப்படாமல், விரித்த கையிலேயே நரம்போடு பிளந்து நொறுங்கின. துடைத்துவிட்டுப் போடலாம் என்றார் பரிமாறுபவர். கர்ப்பிணிப் பெண் அமரும் பந்தியில் அதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. வாழையிலை வாங்கியதில் 2,400 ரூபாய் கூடுதல் செலவாயிற்று.

கெட்டுப்போன 410 இலைகளையும் தனியே கட்டி வைத்திருக்கிறேன். தாங்கள் ஆளனுப்பிப் பார்வையிட்டு, அவற்றின் விலையோடு இச்செலவையும் இந்த வாரத்திற்குள் தந்துதவுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்,
சமையல் ஒப்பந்தக்காரர்