நீர்க் குழு: பணிவரையறை

மேடவாக்கத்தில் 84 வீடுகள் கொண்ட எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் உரிமையாளர் சங்கச் செயற்குழு ஏற்றது. 2025 ஜூலை 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும்.

நோக்கம்

எல்லா வீடுகளுக்கும் தட்டுப்பாடின்றி, பயன்படுத்தத் தகுந்த தண்ணீர் கிடைக்கச் செய்வது. லாரித் தண்ணீர்ச் செலவைக் கட்டுக்குள் வைப்பது. போர்வெல், சம்ப், மேல்தொட்டிகள், சாஃப்ட்னர், மழைநீர் சேகரிப்புக் குழிகள், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் குழுவின் பொறுப்பு. வீட்டுக்குள் இருக்கும் குழாய்கள் அந்தந்த வீட்டாரைச் சேர்ந்தவை.

உறுப்பினர்கள்

ஐவர்: மூன்று பிளாக்குகளுக்கும் தலா ஒருவர், சங்கப் பொருளாளர், வாடகைக்குக் குடியிருப்பவர் ஒருவர். பொருளாளர் ஒருங்கிணைப்பாளராக இருக்கக் கூடாது. செலவு செய்பவரும் பில்லைச் சரிபார்ப்பவரும் ஒரே ஆளாகிவிடக் கூடாது. லாரித் தண்ணீர் வியாபாரத்தில் தனக்கோ குடும்பத்துக்கோ பங்கு உள்ளவர் உறுப்பினராக முடியாது. மேற்பார்வையாளர் கூட்டத்துக்கு வருவார். அவருக்கு வாக்கு இல்லை.

முடிவெடுக்கும் அதிகாரம்

காலை 6 மணிக்கு சம்ப் மட்டம் 120 செ.மீ.க்குக் கீழே இருந்தால், 12,000 லிட்டர் லாரி இரண்டு வரை ஒருங்கிணைப்பாளரே வரவழைக்கலாம். அன்றே மூன்றாவது லாரி வேண்டுமென்றால் மூன்று உறுப்பினர்கள் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒப்புதலை எழுத வேண்டும். போனில் சொன்னது கணக்கில் வராது.

லோடு குறைவாக இறங்குவதுதான் அடிக்கடி வரும் புகார். சம்ப்பின் தரைப்பரப்பு 24 சதுர மீட்டர் என்பதால் முழு லோடு இறங்கினால் மட்டம் 50 செ.மீ. ஏற வேண்டும். இறக்கும்போது மோட்டாரையும் மற்ற வரத்தையும் நிறுத்திவிட்டு, முன்னும் பின்னும் அளவுகோலைப் பார்த்துக் காவலர் ரசீதிலேயே எழுத வேண்டும். இரண்டு அளவும் இல்லாத ரசீதுக்குப் பொருளாளர் பணம் தரமாட்டார்.

பழுதுபார்ப்புக்கு ₹15,000 வரை ஒருங்கிணைப்பாளர்; ₹60,000 வரை குழு, மூன்று விலைப்புள்ளிகளுடன்; அதற்கு மேல் செயற்குழு. மோட்டார் எரிந்து தண்ணீர் நின்றால் விலைப்புள்ளிக்குக் காத்திருக்க வேண்டாம், ₹60,000 வரம்பு மட்டும் மாறாது. புதிய போர்வெல்லும் பராமரிப்புக் கட்டண உயர்வும் பொதுக்குழுவுக்கே உரியவை.

குழாயில் துர்நாற்றம் வந்தாலோ, கடைசி வீட்டுக் குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.க்குக் குறைந்தாலோ, எந்த உறுப்பினரும் தனியாகவே அந்த பிளாக்கின் விநியோகத்தை நிறுத்தலாம். மீண்டும் திறக்க மூவர் ஒப்புதல் வேண்டும்.

கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்கும் அதிகாரம் யாருக்கும் இல்லை. அடைப்பு எவ்வளவு அவசரமானாலும், இறங்க ஒருவர் முன்வந்தாலும் இயந்திரத்தால் மட்டுமே எடுக்க வேண்டும். விஷவாயு இறங்கியவரை மட்டுமல்ல, காப்பாற்றப் போனவரையும் கொல்லும். மனிதக் கழிவை மனிதரே அகற்றுவதற்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டமும், பாதுகாப்பு ஏற்பாடுகள் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்கிறது.

கூட்டங்கள்

மாதம் ஒருமுறை, இரண்டாம் சனிக்கிழமை மாலை 6 மணி. மார்ச் முதல் ஜூன் வரை வாரந்தோறும். மூவர் இருந்தால் கூட்டம் செல்லும். ₹15,000க்கு மேற்பட்ட செலவு என்றால் அதில் பொருளாளரும் இருக்க வேண்டும். முடிவுகளை 48 மணி நேரத்துக்குள் மூன்று பிளாக் அறிவிப்புப் பலகைகளிலும் ஒட்ட வேண்டும். சொல்லாமல் தொடர்ந்து மூன்று கூட்டங்களுக்கு வராதவருக்குப் பதிலாகச் செயற்குழு வேறொருவரை நியமிக்கும்.