வாழைப்பழ கேக் குறிப்பு: திருத்திய படியும், ஏன் திருத்தினேன் என்பதும்

அன்புள்ள அக்கா,

வணக்கம். நீங்கள் அனுப்பிய வாழைப்பழ கேக் குறிப்பைத் திருத்தி இதோடு அனுப்புகிறேன். பேனாவைத் தொடுவதற்கு முன்னால் உங்கள் எழுத்தை அப்படியே பார்த்து, ஒரு வரிகூட யூகிக்காமல், இரண்டு முறை செய்து பார்த்தேன். முதல் முறை மூன்று இடத்தில் நின்றுவிட்டேன். இரண்டாம் முறை கேக் வந்தது, ஆனால் நடுவில் அடர்த்தியாக, அடை மாதிரி. கைப்பக்குவத்தில் குறை இல்லை அக்கா. உங்கள் கைக்குத் தெரிந்தது காகிதத்துக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

எங்கே சிக்கல் என்று சொல்ல உங்கள் பத்தி ஒன்றையே எடுத்துக்கொள்கிறேன்:

"மைதா, சோடா, உப்பு எல்லாம் சலித்து வாழைப்பழக் கலவையில் சேர்த்து நன்றாகக் கலக்கவும் (வெண்ணெய் உருக்கி ஆறியிருக்க வேண்டும்). ஓவன் முன்பே சூடாகியிருக்க வேண்டும். வால்நட் சேர்ப்பதானால் சேர்க்கலாம். சிறிது நேரம் கழித்து டின்னில் ஊற்றி 40 நிமிடம் வைத்து, வெந்ததும் எடுக்கவும்."

இதில் 'வேண்டும்' என்று முடியும் இரண்டு வரிகளைப் பாருங்கள். இரண்டுமே காலம் கடந்த பிறகு சொல்லப்படுகின்றன. படிப்பவர் இந்த வரிக்கு வரும்போது மாவைக் கலந்து முடித்திருப்பார். ஓவன் சூடாகியிருக்க வேண்டும் என்று அப்போதுதான் தெரிகிறது. நானும் அப்போதுதான் ஓவனை ஆன் செய்தேன். அது சூடாக இருபது நிமிடம் ஆனது. பேக்கிங் சோடா அதுவரை காத்திருக்காது. தயிரின் புளிப்பும் ஈரமும் பட்டவுடன் குமிழி விட ஆரம்பித்துவிடும். அந்தக் குமிழிதான் கேக்கை உப்ப வைக்கிறது. இருபது நிமிடத்தில் பாதி காற்று கிண்ணத்திலேயே போய்விட்டது. அடை மாதிரி ஆனதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் 'நன்றாகக் கலக்கவும்'. மைதாவில் ஈரம் சேர்ந்த பிறகு கலக்கக் கலக்கக் குளூட்டன் இறுகும். ரொட்டிக்கு அது வேண்டும், கேக்குக்கு வேண்டாம். உங்கள் கை பதினைந்து சுற்றில் தானாக நின்றுவிடும் என்று நினைக்கிறேன். படிப்பவருக்கு அந்தக் கை இல்லை. அதனால் எண்ணிக்கையும், எப்போது நிறுத்துவது என்ற அடையாளமும் எழுதியிருக்கிறேன்.

அடுத்தது சர்க்கரை. என்னை மிகவும் சுற்ற வைத்தது இதுதான். பட்டியலில் முக்கால் கப். செய்முறையில் 130 கிராம். கடைசியில் "மீதிச் சர்க்கரையைத் தூவவும்". பின்குறிப்பில் 100 கிராமே போதும். முக்கால் கப் சர்க்கரை கிட்டத்தட்ட 150 கிராம் வரும். அதில் 130 கலவைக்கு, 20 மேலே தூவ என்று கணக்குப் போட்டதும் எல்லாம் பொருந்திவிட்டது. நீங்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள், நாலு இடத்தில் நாலு விதமாக. படிப்பவர் இந்தக் கணக்கைப் போட மாட்டார். ஏதாவது ஒன்றை நம்பி இறங்கிவிடுவார். இனி அளவு பட்டியலில் ஒருமுறை வரும். ஒரே பொருளை இரண்டு இடத்தில் பிரித்துப் போடுவதானால் மட்டும் செய்முறையில் அந்தந்தப் பங்கைச் சொல்கிறேன். 100 கிராம் வரியை எடுத்துவிட்டேன். அப்படியும் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள், தனியாகச் சேர்க்கலாம்.

கப் அளவையும் கிராமாக மாற்றிவிட்டேன். அதே கப்பில் மைதாவைக் கரண்டியால் மெதுவாக நிரப்பினால் 120 கிராம் வரும், கப்பை மாவுக்குள் விட்டு அள்ளினால் 150 வரை போகும். ஒன்றரைக் கப் என்றால் ஒருவருக்கு 180, இன்னொருவருக்கு 225. இரண்டு பேரும் குறிப்பைச் சரியாகப் பின்பற்றியிருப்பார்கள், ஒருவர் கேக் மட்டும் வறண்டு போகும். டீஸ்பூன் அளவுகளை மாற்றவில்லை. வீட்டுத் தராசு இரண்டு, மூன்று கிராமைச் சரியாகக் காட்டாது, அதற்கு ஸ்பூனே மேல்.

பட்டியலில் இருந்த வால்நட் செய்முறையில் 'சேர்ப்பதானால்' என்று பாதி வந்தது. செய்முறையில் இருந்த தயிர் பட்டியலில் இல்லவே இல்லை. தயிர் இல்லாமல் நான் பாதியில் நின்ற இடம் அது. இப்போது இரண்டும் இரண்டு பக்கமும் இருக்கின்றன. பொருட்களை எந்த வரிசையில் கை தொடுகிறதோ அந்த வரிசையில் அடுக்கியிருக்கிறேன். வால்நட் விஷயத்தில் ஒரு சின்ன நுணுக்கம்: 'நறுக்கிய வால்நட் அரை கப்' என்பதும் 'வால்நட் அரை கப், நறுக்கவும்' என்பதும் ஒன்றல்ல. நறுக்கிய பிறகு அளந்தால் கூடுதலாகப் பிடிக்கும். எடையில் சொன்னால் இந்தக் குழப்பமே வராது.

நேரம்: மேலே 40 நிமிடம், நடுவில் 50 முதல் 60, கீழே 'முக்கால் மணி நேரத்தில் சாப்பிடலாம்'. வெப்பம் ஓரிடத்தில் 180, இன்னோரிடத்தில் 350. பின்னது ஃபாரன்ஹீட் என்று தெரிகிறது, ஆனால் அலகு எழுதவில்லை. நான் செய்தபோது 175 டிகிரி செல்சியஸில் 54 நிமிடம் ஆனது. 40 நிமிடத்தில் குத்திப் பார்த்தபோது குச்சியில் ஈரமாவு வழிந்தது. அதனால் 50–60ஐ வைத்துக்கொண்டு மற்றதை நீக்கினேன். நிமிடத்தோடு கண்ணுக்குத் தெரியும் அடையாளமும் கட்டாயம் வேண்டும், ஓவனுக்கு ஓவன் வேறுபடும்.

பாட்டி பழத்தை உள்ளங்கையில் மசித்ததைப் பற்றிய முன்னுரையைத் தொடவில்லை, ஒரு சொல்கூட. அது அழகு. நடுவில் மூன்று இடத்தில் திரும்பவும் வந்த 'பழம் கறுத்துப் போனாலும் வீணாக்காதீர்கள்' என்பதை மட்டும் முன்னுரையில் ஒருமுறை நிறுத்திக்கொண்டேன்.

திருத்திய குறிப்பு இதோ.

வாழைப்பழ கேக்

23 x 13 செ.மீ. (9 x 5 அங்குல) நீள டின் ஒன்றுக்கு. சுமார் 10 துண்டு.
தயாரிப்பு 20 நிமிடம், ஓவனில் 50–60 நிமிடம், ஆற 1 மணி 10 நிமிடம். மொத்தம் இரண்டரை மணி நேரம் வரை.

தேவையானவை
வெண்ணெய் (உப்பில்லாதது) – 80 கிராம்
வால்நட் – 60 கிராம்
மைதா – 200 கிராம்
பேக்கிங் சோடா – 1 டீஸ்பூன், தலைதட்டி
உப்பு – ½ டீஸ்பூன்
நன்றாகக் கனிந்த வாழைப்பழம் – தோல் உரித்த பின் 300 கிராம் (நடுத்தர அளவில் 3)
சர்க்கரை – 150 கிராம் (130 கலவைக்கு, 20 மேலே தூவ)
முட்டை – 2
கெட்டித் தயிர் – 60 கிராம்
வெனிலா எசென்ஸ் – 1 டீஸ்பூன்

செய்முறை
1. ஓவனை 175 டிகிரி செல்சியஸில் (ஃபேன் ஓவன் என்றால் 155) ஆன் செய்யவும். டின்னில் பட்டர் பேப்பரை, இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருக்குமாறு விரிக்கவும்.
2. வெண்ணெயை உருக்கி ஆறவிடவும். வால்நட்டை வெறும் வாணலியில் மிதமான தீயில் வாசம் வரும் வரை, 4–5 நிமிடம் வறுத்து, ஆறியதும் ஒன்றிரண்டாக நறுக்கவும்.
3. மைதா, சோடா, உப்பு மூன்றையும் ஒரு கிண்ணத்தில் சலிக்கவும்.
4. பெரிய கிண்ணத்தில் பழத்தை முள்கரண்டியால் மசிக்கவும். சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கலாம். அதில் உருகிய வெண்ணெய், 130 கிராம் சர்க்கரை, முட்டை, தயிர், எசென்ஸ் சேர்த்து ஒன்றாகும் வரை அடிக்கவும்.
5. ஓவன் சூடாகிவிட்டதா என்று பார்த்த பிறகு, மைதாக் கலவையை இதில் கொட்டி, அடியிலிருந்து மேலாக 12–15 முறை புரட்டவும். உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாமல் போனதும் நிறுத்தவும். வால்நட் போட்டு இன்னும் இரண்டு புரட்டு.
6. உடனே டின்னில் ஊற்றி, மீதி 20 கிராம் சர்க்கரையை மேலே தூவி, ஓவனின் நடுத்தட்டில் வைக்கவும்.
7. 50ஆவது நிமிடத்தில் நடுவில் டூத்பிக்கால் குத்தவும். ஈரமாவு ஒட்டாமல், துகள் மட்டும் ஒட்டினால் வெந்துவிட்டது. இல்லையென்றால் 5 நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கவும். அதற்குள் மேல்பகுதி கறுக்க ஆரம்பித்தால் அலுமினியத் தாளால் தளர்வாக மூடவும்.
8. டின்னிலேயே 10 நிமிடம் விட்டு, பேப்பரைப் பிடித்துத் தூக்கி, கம்பி ஸ்டாண்டில் 1 மணி நேரம் ஆறவிட்டு வெட்டவும்.

ஐந்தாம் படியில் ஓவனைத் திரும்பவும் சொல்லியிருப்பது கூறியது கூறல் இல்லையா என்று கேட்பீர்கள். தெரிந்துதான் விட்டிருக்கிறேன். அந்த இடத்தில் தப்பினால் கேக்கே போய்விடும். மற்ற எல்லாம் ஒருமுறைதான்.

எட்டாம் படியில் நீங்கள் 'சூட்டோடு வெட்டாதீர்கள், வெட்டினால் நொறுங்கும், ஆறியதும் வெட்டுங்கள்' என்று மூன்று வாக்கியம் எழுதியிருந்தீர்கள். 'ஆறவிட்டு வெட்டவும்' என்பதிலேயே எல்லாம் வந்துவிடுவதால் சுருக்கினேன்.

உங்களிடம் மூன்று கேள்வி, அக்கா. தயிருக்கு நீங்கள் எழுதியது 'ஒரு குழிக்கரண்டி'. நான் 60 கிராம் என்று வைத்துச் செய்தேன், ருசியும் பதமும் சரியாக இருந்தது. உங்கள் குழிக்கரண்டியில் ஒருமுறை எடுத்து எடை பார்த்துச் சொல்ல முடியுமா? டின் அளவு நான் என்னுடையதை அளந்து போட்டது, உங்களுடையது சின்னது என்றால் நேரமும் மாறும். முட்டை பெரியதா, சாதாரணமா என்பதும் தெரிய வேண்டும். ஓட்டை நீக்கினால் ஒன்று 50 கிராம் வரும் என்று வைத்திருக்கிறேன்.

இந்த மூன்றும் வந்ததும் இன்னொரு முறை, இந்தத் திருத்திய குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு செய்து பார்க்கிறேன். வாழைப்பழம் வாங்கி வைத்துவிட்டேன். இன்னும் மூன்று நாளில் கனிந்துவிடும், அதற்குள் பதில் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி