தேர்வுப் பதற்றம் தணிக்கும் ஆறு வாரப் பயிற்சி: திட்ட வரைவு

பெறுநர்: கல்லூரி முதல்வர், கல்விக் குழுவினர்
அனுப்புநர்: மாணவர் ஆலோசனைப் பிரிவு, கடலூர்

சென்ற ஆண்டு நவம்பர் தேர்வுக்கு முன்பு கலையரங்கில் தன்னம்பிக்கைச் சொற்பொழிவு நடத்தினோம். கைதட்டலுக்குக் குறைவில்லை. பத்து நாள் கழித்து, அன்று முன்வரிசையில் இருந்த வேதியியல் மாணவி ஒருவர் விடைத்தாளில் பதிவெண்ணை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தார். உள்ளங்கை வியர்த்துப் பேனா வழுக்கியதாம். "எல்லாம் படித்ததுதான் மேடம், ஒரு வரிகூட வரவில்லை" என்றார். பேச்சால் தீராத சிக்கல் இது. பழகித்தான் தீர வேண்டும். அதற்கான திட்டம் கீழே.

கண்டறிதல்

ஆகஸ்ட் இரண்டாம் வாரம், இரண்டாமாண்டு மாணவர்கள் 240 பேருக்கும் இரண்டு படிவங்கள் தரப்படும். ஒன்று, ஸ்பீல்பெர்கரின் தேர்வுப் பதற்ற அளவுகோல்: 20 கூற்றுகள், மதிப்பெண் 20 முதல் 80 வரை. உரிமம் பெற்ற பிறகே அச்சிடுவோம். மற்றொன்று மனச்சோர்வை அறியும் பி.எச்.க்யூ.-9. அதில் 10 அல்லது அதற்கு மேல் பெறுபவர்களை ஒரு வாரத்துக்குள் தனியே சந்திப்போம். அந்த எண்ணைக் கொண்டு நோய் என்று யாருக்கும் முத்திரை குத்தக் கூடாது. விசாரிப்பதற்கான காரணம் மட்டுமே அது.

பி.எச்.க்யூ.-9இன் ஒன்பதாவது கேள்வி, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு "ஒருபோதும் இல்லை" தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்று மாலைக்குள் நேரில் பேசியாக வேண்டும். ஆகவே ஒரே நாளில் 240 படிவங்களை வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. நாளுக்கு 40 பேர், காலை முதல் பாடவேளையில் மட்டும். இருவர்தான் இருக்கிறோம், பார்த்து முடிக்க முடியாத அளவுக்குக் கேட்பது கேளாமல் இருப்பதைவிட மோசம். தேவைப்படுபவர்களை அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அனுப்புவோம். இரவில் பேச, அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸின் எண் 14416 எல்லாப் படிவத்திலும் அச்சிடப்படும். விடைகள் துறைத்தலைவர்களுக்குப் போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், மாணவரிடம் சொல்லிவிட்டு வீட்டாரிடம் பேசுவோம். இதை மாணவர்களிடம் முதலிலேயே சொல்லிவிடுவோம். இல்லையென்றால் உண்மையை எழுதமாட்டார்கள்.

குழுப் பயிற்சி

பதற்ற மதிப்பெண் அதிகமுள்ள 48 பேரை, அவர்கள் ஒப்புதலுடன் சேர்ப்போம். உடனடி சிகிச்சை தேவைப்படுபவர்களுக்கு அதுவே முதலில். 12 பேருக்கு ஒரு குழு, புதன்கிழமை பிற்பகல் 2 மணி, 50 நிமிடம். மாலை ஐந்துக்கு மேல் வைத்தால் பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கத்து மாணவிகள் பஸ்ஸைப் பார்ப்பார்களா, பயிற்சியைப் பார்ப்பார்களா?

முதல் வாரம், பதற்றம் உடம்பில் எங்கே தொடங்குகிறது என்று அவரவர் குறித்துக்கொள்வார்கள்; நான்கு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடப் பழகுவார்கள். இரண்டாம், மூன்றாம் வாரங்கள் முழுக்கப் படிக்கும் முறைக்கு. நம் மாணவர்களில் பலருக்குப் பயத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். கைடைத் திரும்பத் திரும்ப வாசித்தால் தெரிந்த மாதிரி இருக்கும், எழுதும்போது கைவிடும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரின் 2006 ஆய்வில், ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து, புத்தகத்தை மூடி நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே மாணவர்கள் தங்கள் பாடத்தையே கொண்டுவந்து, மூடிவைத்து எழுதுவார்கள்.

நான்காம் வாரம், "இந்தத் தாள் போனால் எல்லாம் போயிற்று" போன்ற எண்ணங்களைத் தாளில் எழுதி, அதற்கு ஆதாரம் எவ்வளவு என்று விசாரிப்பது. ஐந்தாம் வாரம், உண்மையான தேர்வுக்கூடத்தில், முன்பின் பார்த்திராத கண்காணிப்பாளருடன் ஒரு மாதிரித் தேர்வு. ஆறாம் வாரம் அரியர், தூக்கம், வீட்டில் பேசுவது.

தேர்வுக்குச் சற்று முன் கவலைகளை எழுதித் தீர்க்கும் உத்தியைச் சிலர் பரிந்துரைத்தார்கள். 2011இல் பரபரப்பாகப் பேசப்பட்ட அது 2018 மறுசோதனையில் தேறவில்லை, எனவே சேர்க்கவில்லை.

மதிப்பீடு

பதற்றம் மிகுந்தவர்களையே பொறுக்கி எடுத்தால், ஒன்றும் செய்யாவிட்டாலும் அடுத்த அளவீட்டில் எண் ஓரளவு இறங்கும். அதைப் பயிற்சியின் வெற்றி என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. எனவே 48 பேரில் சீட்டுக் குலுக்கி 24 பேருக்கு இப்போதும், மீதி 24 பேருக்கு ஏப்ரல் தேர்வுக்கு முன்பும் பயிற்சி. தொடக்கத்தில், ஆறாம் வார முடிவில், நவம்பர் தேர்வின் முதல் தாளுக்கு முந்தைய நாள் என மூன்று முறை இரு பிரிவினரையும் அளப்போம். முதன்மை அளவு பதற்ற மதிப்பெண். அதோடு தேர்வுக்கு வராதவர் எண்ணிக்கை, புதிய அரியர், பயிற்சிக்கு வந்த நாட்கள். 24 பேரை வைத்துச் சிறிய வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க முடியாது. பெரிய வித்தியாசம் இருந்தால் தெரியும். பயிற்சியை நடத்தாத ஆசிரியர் ஒருவர் மதிப்பெண்களைக் கூட்ட வேண்டும்.

மழைக்குத் தேர்வு தள்ளிப்போனால் (கடலூரில் நவம்பரில் அது புதிதல்ல) மூன்றாம் அளவீடு புதிய தேதிக்கு நகரும். ஒத்திவைப்புக் காலத்தில் இரு பிரிவுக்கும் கூடுதல் வகுப்பு எதுவும் இல்லை.

வேண்டுவன: புதன் பிற்பகல் ஆறு வாரத்துக்கு இரண்டு அறைகள், அந்த வேளைக்கு வருகைப்பதிவுச் சலுகை, அளவுகோல் உரிமக் கட்டணம், அச்சுச் செலவு. ஜூலை இறுதிக்குள் ஒப்புதல் கிடைத்தால் ஆகஸ்டில் தொடங்கலாம்.