கத்துறது கேக்குதா மாப்ள? முதல் நாள், முதல் காட்சி, காலை 9 மணி, மதுரை!

ஏஏஏய்ய்ய்ய்! ஃபோட்டோல சத்தம் வராதுன்னு எவன்டா சொன்னது? ரெண்டு விரல வச்சுப் பெருசாக்கிப் பாருங்க. 11 பேரு, 11 வாயும் தொறந்திருக்கு. ஒருத்தன் கண்ணுகூட மூடல. தலைக்கு மேல பறக்குறது பூராம் வெட்டுன பேப்பர். மணி 8.52. தலைவர் வர இன்னும் பத்து நிமிசம் இருக்கு, அதுக்குள்ளயே இந்தக் கூத்து!

இடமிருந்து வலம், கீழ் வரிசை: வாய்க்குள்ள ரெண்டு விரல விட்டு நிக்கிற நீலச் சட்டைதான் நம்ம விசில் மாஸ்டர். அடுத்து கழுத்துல துண்டு போட்டவன், கருப்புப் பனியன் ரெட்டையர் ரெண்டு பேரு, சீட்டு மேல ஏறாம எக்கி நிக்கிற குட்டையன், கடைசில பேப்பர் சாக்கோட மஞ்சள் சட்டை. மேல் வரிசை: கண்ணாடிக்காரன், தாடி, கட்டம் போட்ட சட்டை, ராத்திரி டூட்டி முடிச்சு யூனிஃபார்மோடயே வந்தவன், கை ரெண்டையும் விரிச்சு நிக்கிற நம்ம பெரியவன். அவனுக்குப் பக்கத்துல வெள்ளைச் சட்டைல ஒரு ஐயா நிக்கிறாரு பாருங்க. அவரப் பத்திக் கடைசில சொல்றோம்.

ஏன் ரெண்டு வரிசைன்னு கேக்குறாய்ங்க. புக்கிங் ஆப்ல ஒரு தடவைக்கு 10 சீட்டுதான் எடுக்க முடியும். நம்ம 11 பேரு. பத்த ஒரு ஃபோன்லயும் மிச்சம் ஒன்ன இன்னொரு ஃபோன்லயும் போட்டா, அந்த ஒருத்தன் எங்கயோ மூலைல தனியாக் கெடப்பான். அதனால 6, 5ன்னு பிரிச்சு ரெண்டு ஃபோன்ல ஒரே நேரத்துல, முன்னும் பின்னுமா: ஈ 9 முதல் 14, எஃப் 9 முதல் 13. இன்னொரு விசயம், சீட்ட அமுக்கிட்டு பணம் கட்ட ரொம்ப நேரம் எடுத்தா பிடிச்சு வச்ச சீட்டு கைய விட்டுப் போயிரும். யுபிஐ-ல பணம் இருக்கான்னு முந்துன ராத்திரியே பாத்து வைக்கணும், நெட் நல்லா எடுக்குற மொட்டமாடில நின்னுதான் அமுக்கணும். சத்தத்துக்கும் இந்த ரெண்டு வரிசைதான் தோது. முன்னாடி இருக்கவன் காதுக்குள்ளயே பின்னாடி இருக்கவன் விசில் போகும்ல!

ஃபோட்டோ இவ்வளவு பளிச்சுனு எப்டின்னு கேட்டவங்களுக்கு: லைட் அணைக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. அவ்வளவுதான் ரகசியம். இருட்டுன பெறகு எடுத்தா, ஃபோன் வெளிச்சத்துக்காக ரொம்ப நேரம் தொறந்து நிக்கும், ஆடுற கையெல்லாம் புகை மாதிரி வழிஞ்சிரும், பேப்பர் வெறும் கோடாத் தெரியும். அகல லென்ஸ் வைக்கக் கூடாது. அது மங்கல் வெளிச்சத்துல சொதப்பும், ஓரத்துல நிக்கிறவன் தலையையும் இழுத்து நீட்டி விட்டுரும். சாதா லென்ஸ வச்சு நாலு வரிசை முன்னாடி போய் நின்னு எடுக்கணும். "ஒன்னு, ரெண்டு"ன்னதும் பேப்பர வீசணும், "மூணு"க்கு கத்தணும், பட்டன விடாம அமுக்கிப் பிடிக்கணும். 38 படம் விழுந்துச்சு, அதுல இது ஒன்னுதான் 11 மூஞ்சியும் தெரியிற மாதிரி அமைஞ்சது. எடுத்துக் குடுத்தது டார்ச் அடிச்சு சீட் காட்டுற அண்ணன். அண்ணே, ரொம்ப நன்றிண்ணே!

அந்த 38-ஓட ஃபோன் எல்லாம் பைக்குள்ள போயிரணும். படம் ஓடுறப்ப திரைய எடுக்குறது வெளையாட்டு இல்ல. 2023-ல திருத்துன சினிமா சட்டப்படி, தியேட்டர்ல படத்தத் திருட்டுத்தனமாப் பதிவு பண்ணா குறைஞ்சது 3 மாசம், அதிகபட்சம் 3 வருசம் ஜெயில், அபராதம் 3 லட்சத்துல ஆரம்பிக்குது. இன்ட்ரோவ ஸ்டேட்டஸ்ல வைக்கணும்னு ஆசையா இருக்கும். வேணாம் பங்கு. தலைவர் என்ட்ரிய மொதத் தடவ பெரிய திரைல பாக்குற சந்தோசத்த அடுத்தவனுக்கும் விட்டு வைப்போம்.

இப்ப பேப்பர் கணக்கு. மஞ்சள் சட்டை கைல இருக்குற சாக்குல 3 கிலோ. ஜெராக்ஸ் பேப்பர் கனம், தூக்கிப் போட்டதும் பொத்துனு விழுந்துரும். பழைய நியூஸ்பேப்பர்தான் சரி, மெதந்து மெதந்து எறங்கும். ரெண்டு விரல் அகலத்துக்கு வெட்டணும். பொடிப் பொடியா வெட்டுனா மடக்குற சீட்டோட கீல்ல போய் மாட்டிக்கும், வெளக்குமாத்துக்கு வராது. ஈரம் படாம வைக்கணும், இல்லன்னா உருண்டை உருண்டையாத்தான் பறக்கும். மினுமினு ஜிகினாத் தாளு கூடவே கூடாது: ஏசி கம்பில ஒட்டும், கண்ணுல பட்டா கிழிக்கும். கலர்ப் பொடியும் அப்டித்தான். மேனேஜர்ட்ட மொதல்லயே கேட்டு, "ஜிகினா இல்ல, பொடி இல்ல, நெருப்பு இல்ல, முடிஞ்சதும் கூட்ட ஆள் நிக்கும்"னு சொன்னாத்தான் சாக்கு வாசல்ல நிக்காம உள்ள வரும்.

ஆளுக்கு நாலு கைப்பிடி. ரெண்டு டைட்டிலுக்கு, ஒன்னு இன்ட்ரோவுக்கு, ஒன்னு பாட்டுக்கு. சென்சார் சர்ட்டிபிகேட் வந்ததுமே ஆவேசத்துல கொட்டிட்டீங்கன்னா மெயின் எடத்துல கை காலி. மேல பாத்து வீசணும், முன்னாடி வீசக் கூடாது. புரொஜக்டர் வெளிச்சம் நம்ம தலைக்கு மேலதான் போகுது. பேப்பர் அதுக்குள்ள போனா திரை பூராம் நெழல் ஆடும். டைட்டில்ல அது அழகு, கோயில் திருவிழா மாதிரி. வசனத்துல அதையே பண்ணா பின் வரிசைல இருந்து திட்டு விழும், அது நியாயமும்கூட.

டைட்டில்னதும் சொல்லணும். 1992-ல 'அண்ணாமலை' படத்துலதான் அந்த சூப்பர் ஸ்டார் எழுத்து மொதமொதல்ல வந்துச்சு. புள்ளி புள்ளியாச் சேந்து ஒவ்வொரு எழுத்தா வரும், கூட தேவாவோட மியூசிக். எஸ்-ஸுனு திரைல வந்தா தியேட்டர் பூராம் "எஸ்!", யூ வந்தா "யூ!" ஒன்பது எழுத்துக்கு ஒன்பது அலறல். மொத எழுத்துக்கே பேப்பர வீசுறவன் அவசரக்காரன். ஒன்பதாவது எழுத்து முடிஞ்சு பேரு வர்றப்பதான் ரெண்டு கையும் ஒரே நேரத்துல மேல போகணும். அன்னைக்கு அந்த ஒரு நொடி திரையே தெரியல மாப்ள, வெள்ளை வெள்ளையா பேப்பர் மட்டுந்தான்!

காசு மட்டும் ஒருத்தனும் வீசல. திரைல கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன ஓட்டை நெறஞ்சிருக்கும், பின்னாடி இருக்குற ஸ்பீக்கர் சத்தம் அது வழியாத்தான் வருது. ஒரு ரூவாக் காசு பட்டு வெட்டு விழுந்தா தெரியாத மாதிரி தைக்க முடியாது. அடுத்து வர்ற எல்லாப் படத்துலயும் எல்லா ஹீரோ மூஞ்சிலயும் அந்தத் தழும்பு நிக்கும். நம்ம தலைவர் மூஞ்சிலயும்தான்.

விசில் கத்துக்கணும்னு இன்பாக்ஸ்ல கேட்ட தம்பிகளுக்கு, நீலச் சட்டை சொன்னது அப்டியே: ஒதட்டப் பல்லு மேல மடிச்சு மூடு. ரெண்டு கையோட ஆள்காட்டி விரல் நுனியால நாக்கு நுனிய மடிச்சு உள்ள தள்ளு. வாய் ஓரத்துல காத்து கசியாம அடச்சுக்க. மொதல்ல மெதுவா ஊது, வெறும் காத்துதான் வரும். விரலக் கொஞ்சம் கொஞ்சமாச் சாய்ச்சுகிட்டே இரு, ஒரு எடத்துல பிடிச்சுக்கும். அந்த எடத்த மறக்காத. தியேட்டர்ல விசில் வராமப் போறதுக்கு முக்காவாசிக் காரணம் பாப்கார்ன். உப்பு ஒதட்டக் காய வச்சிரும். இன்ட்ரோ முடியிற வரைக்கும் தண்ணி மட்டும். கையக் கழுவிட்டு வாய்ல வைங்கடா, பேப்பர் மை அவ்வளவும் விரல்லதான் இருக்கு!

வெளிய நடந்ததும் சும்மா இல்ல. 7 மணிக்கு பறை நாலு, கூட்டம் அலைமோதுது. இப்ப தமிழ்நாட்டுல மொதக் காட்சியே 9 மணிக்குத்தான், அதனால முன்ன மாதிரி நட்டநடு ராத்திரி வந்து நிக்கத் தேவையில்ல. 2023 ஜனவரில சென்னைல லாரில ஏறி ஆடி, ஒரு ரசிகர் விழுந்து இறந்து போனாரு. அந்தத் தம்பி இன்னைக்கு இருந்தா அவனோட ஹீரோ படத்துக்கு நின்னுருப்பான். அதனால லாரி மேல, கேட்டு மேல, கட்டவுட்டு மேல ஒருத்தனும் ஏறல. ஆட்டம் பூராம் தரைல. தரைல ஆடுனாத்தான் குத்தே விழும். பாலும் கட்டவுட்டுக்கு ஊத்தல. வாங்குன 6 லிட்டரும் அண்டால டீயாகி, பறை அடிச்ச அண்ணன்களுக்கும் பந்தோபஸ்துக்கு நின்ன போலீஸ்காரங்களுக்கும் போச்சு.

இடைவேளைல கேன்டீனுக்கு ஓடக் கூடாது. கூட்டத்துல பத்து நிமிசம் நின்னு பப்ஸோட திரும்புறப்ப ரெண்டாவது பாதி மொத சீன் போயிருக்கும். படம் ஆரம்பிக்குறதுக்கு முன்னயே 11 பப்ஸுக்குக் காசு கட்டி டோக்கன் வாங்கியாச்சு. இடைவேளைக்கு ஓரத்து சீட்டுக்காரங்க ரெண்டே பேரு, ரெண்டு தட்டு, நாலு நிமிசம்.

மொத அரை மணி நேரத்துல வசனம் என்னன்னு கேட்டா பதில் இல்ல. ஒரு வார்த்தைகூடக் கேக்காது, கேக்கவும் கூடாது! வசனத்துக்குத்தான் ஞாயித்துக்கெழம மேட்னி, அம்மாக்களோட, பால்கனில. அதுக்கும் டிக்கெட் போட்டாச்சு. கதை சொல்றவன், இடைவேளை ட்விஸ்ட்ட எழுதுறவன் கமெண்ட் உடனே அழிக்கப்படும். பாசத்தோடதான் சொல்றோம்.

படம் முடிஞ்சது 11.50. அடுத்த காட்சி 12.30. நடுவுல இருக்குற 40 நிமிசத்துலதான் அக்காமாரு நாலு பேரு அரங்கம் பூராம் கூட்டணும். அதனால 11 பேரும் அவங்கவங்க சீட்டடில கெடந்தத வாரி அதே சாக்குல போட்டுட்டுத்தான் வெளிய வந்தாய்ங்க. 3 கிலோ கொண்டு போனது, சாக்கு திரும்புறப்ப அத விடக் கனமா இருந்துச்சு: மத்தவங்க போட்டதும் சேந்துருச்சு. அக்காமாருக்கு பப்ஸும் டீயும் நம்ம கணக்குல.

இப்ப அந்த வெள்ளைச் சட்டை ஐயா. எஃப் 14. நம்ம கூட்டம் இல்ல, தனியா வந்தவரு. வயசு அறுபதுக்கு மேல இருக்கும். சட்டைப் பைல மடிச்சு வச்ச பேப்பர் பொட்டலம், அவரே வீட்ல வெட்டுனது, எல்லாம் ஒரே அளவு. ஒன்பதாவது எழுத்துக்கு மொதல்ல மேல போன கை அவரோடது. மூணாவது விசில்லயே நீலச் சட்டை திரும்பிப் பாத்துக் கும்பிட்டுட்டான்! இடைவேளைல பப்ஸ் குடுத்தா வேணாம்னுட்டாரு, தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சாரு. ஒதடு காயக் கூடாதுல்ல! லைட் போட்டதும் கூட்டத்துல போயிட்டாரு, பேரு கேக்க முடியல. மதுரைக்காரங்க யாருக்காச்சும் ஐயாவத் தெரிஞ்சா அவர்ட்ட சொல்லுங்க. இந்த ஃபோட்டோ 12 பிரிண்ட் போட்டிருக்கு, ஒன்னு அவருக்கு. அடுத்த படத்துக்கு எஃப் 14 நாங்களே போட்டுருவோம்.

#முதல்நாள்முதல்காட்சி #மதுரைடா #தலைவர்திருவிழா #எஃப்14ஐயா