பொருள்: கழுத்து வலி – கூடுதல் மானிட்டர் தேவை

ஐடி குழுவினருக்கு வணக்கம்,

கணக்குப் பிரிவில் ஜிஎஸ்டி வேலை பார்க்கிறேன். எக்செலில் உள்ள கொள்முதல் பதிவேட்டையும் GSTR-2B-யையும் வரிவரியாக ஒப்பிட வேண்டும். 14 அங்குல லேப்டாப்பில் இரண்டையும் அருகருகே வைத்தால் எண்கள் தெரிவதில்லை. நாள் முழுக்கக் குனிந்தே பார்ப்பதால் சாயங்காலம் கழுத்து இறுகி, வலி தோள்பட்டை வரை இறங்குகிறது. திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்தில் இருக்க வேண்டும் என்கிறார் பிசியோதெரபிஸ்ட்.

உயரத்தை மாற்றக்கூடிய 24 அங்குல மானிட்டர் ஒன்று கிடைக்குமா? பழையதானாலும் சரி. லேப்டாப்பில் எச்டிஎம்ஐ போர்ட் இருக்கிறது, கேபிள் மட்டும் வேண்டும். மேலாளரின் ஒப்புதலை இணைத்துள்ளேன். 20-ஆம் தேதி GSTR-3B தாக்கல் இருப்பதால், அதற்கு முன் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும்.

நன்றி,
கவிதா
கணக்குப் பிரிவு, 2-ஆம் தளம்