பணிநீக்க ஆணை

நூற்பாலை நிர்வாகம்
வேடசந்தூர், திண்டுக்கல் மாவட்டம்
நாள்: 05.06.2024

பெறுநர்: கிடங்கு எழுத்தர் (இரவுப் பணி), பணியாளர் எண் 417
ஒப்புகை அட்டையுடன் கூடிய பதிவு அஞ்சலில்

பொருள்: கடும் ஒழுங்கீனம் – உள்விசாரணையில் குற்றச்சாட்டுகள் நிரூபணம் – பணிநீக்கம் செய்து ஆணையிடுதல் – தொடர்பாக.

பார்வை: 1. குற்றச்சாட்டுக் குறிப்பாணை, நாள் 20.03.2024. 2. தங்கள் விளக்கம், நாள் 27.03.2024. 3. விசாரணை அலுவலரின் அறிக்கை, நாள் 13.05.2024. 4. இரண்டாம் காரணம் கேட்கும் அறிவிக்கை, நாள் 17.05.2024. 5. தங்கள் பதில், நாள் 24.05.2024.

12.03.2024 அன்று இரவுப் பணியில் இருந்தபோது, 34 பேல் கோம்பர் கழிவுப் பஞ்சுக்கு மட்டுமே பட்டியல் போடப்பட்டிருந்த லாரியில் 40 பேல்களை ஏற்றி அனுப்பி ஆலைக்கு ₹87,400 இழப்பு ஏற்படுத்தினீர்கள் என்பது முதல் குற்றச்சாட்டு. அதை மறைக்க கேட் பாஸ் புத்தகத்தில் பொய்யான எண்ணிக்கையைப் பதிந்தீர்கள் என்பது இரண்டாவது. மறுநாள் வாயிற்காவலரை மிரட்டினீர்கள் என்பது மூன்றாவது. இவற்றின்பேரில் 14.03.2024 முதல் தாங்கள் தற்காலிகப் பணிநீக்கத்தில் வைக்கப்பட்டு, ஊதியத்தில் 50 விழுக்காடு பிழைப்பூதியமாகப் பெற்று வந்தீர்கள்.

ஆலையைச் சாராத வழக்கறிஞர் ஒருவர் விசாரணை அலுவலராக ஏப்ரல் 15, 22, 29 ஆகிய நாட்களில் விசாரணை நடத்தினார். மூன்று அமர்வுகளிலும் தாங்கள் தங்களுக்குத் துணையாகத் தேர்ந்துகொண்ட சக தொழிலாளருடன் கலந்துகொண்டீர்கள்; நிர்வாகச் சாட்சிகள் நால்வரையும் குறுக்கு விசாரணை செய்தீர்கள்; தங்கள் தரப்பில் ஒரு சாட்சியையும் முன்னிறுத்தினீர்கள். ஒவ்வொரு நாள் நடவடிக்கைக் குறிப்பிலும் கையொப்பமிட்டு அதன் நகலைப் பெற்றுள்ளீர்கள்.

லாரி ஓட்டுநரிடம் இருந்த முதல் படியிலும் வாயிற்காவலர் பெற்ற இரண்டாம் படியிலும் எண்ணிக்கை 40 என்றும், புத்தகத்திலேயே தங்கும் மூன்றாம் படியில் மட்டும் 34 என்றும் உள்ளது. கார்பன் தாள் தேய்ந்திருந்ததால் மூன்றாம் படியில் பேனாவால் எழுத நேர்ந்தது என்றும், அப்போது கைப்பிழை ஏற்பட்டது என்றும் விளக்கம் அளித்தீர்கள். ஆனால் அதே படியில் லாரி எண், நாள், நேரம், வாங்குபவர் பெயர் ஆகிய அனைத்தும் கார்பனில் தெளிவாக விழுந்திருக்க, எண்ணிக்கைக்குரிய கட்டம் மட்டும் கார்பன் தடமே இல்லாமல் நேரடியாகப் பேனாவால் எழுதப்பட்டிருப்பதை விசாரணை அலுவலர் சுட்டிக்காட்டியுள்ளார். அந்த ஒரு கட்டத்தில் மட்டும் கார்பன் தேய்ந்திருக்க வழியில்லை. எடைமேடை பழுது என்று அன்றிரவு 11.40 மணிக்குத் தாங்கள் எழுதியுள்ளீர்கள். அதற்குப் பின் 12.15 மணிக்கு உள்ளே வந்த பஞ்சு லாரி அதே எடைமேடையில் எடை போடப்பட்டதற்கான சீட்டு விசாரணையில் குறியிடப்பட்டுள்ளது. கழிவுப் பஞ்சு லாரி வெளியே பொது எடைமேடையில் பெற்ற சீட்டு, 34 பேல்களுக்குரிய 5,100 கிலோவைவிட 920 கிலோ கூடுதல் எடையைக் காட்டுகிறது.

ஆகவே முதல் இரண்டு குற்றச்சாட்டுகளும் நிரூபிக்கப்பட்டன என்ற முடிவை நிர்வாகம் ஏற்கிறது. மூன்றாவது குற்றச்சாட்டுக்கு வாயிற்காவலரின் சொல்லைத் தவிர வேறு சான்று இல்லாததால் அது நிரூபிக்கப்படவில்லை என்ற முடிவையும் ஏற்று, தண்டனையை முடிவு செய்கையில் அதைக் கணக்கில் கொள்ளவில்லை.

தங்களது 11 ஆண்டுப் பணியையும் குடும்ப நிலையையும் குறிப்பிட்டு, பதவியிறக்கத்தோடு நிறுத்துமாறு கோரியுள்ளீர்கள். 2021-இல் இருப்புக் குறைவுக்காகப் பெற்ற ஓர் எச்சரிக்கையைத் தவிர தங்கள் பணிப்பதிவில் குறை இல்லை என்பது உண்மையே. எனினும் கிடங்கு எழுத்தர் எழுதும் எண்ணை நம்பியே சரக்கு வாயிலைக் கடக்கிறது. திட்டமிட்டு அதைத் திரித்தவர் எந்தப் பதவியில் தொடர்ந்தாலும் அந்த நம்பிக்கை மீளாது என்பதால் கோரிக்கை ஏற்கப்படவில்லை. தங்களைச் சார்ந்த தொழில் தகராறு எதுவும் தற்போது நிலுவையில் இல்லை.

எனவே, வணிகம் மற்றும் சொத்து தொடர்பான திருட்டு, மோசடி, நேர்மையின்மை ஆகியவற்றைக் கடும் ஒழுங்கீனமாக வரையறுக்கும் ஆலையின் சான்றளிக்கப்பட்ட நிலையாணைகளின்படி, இவ்வாணையின் நாளான 05.06.2024 முதல் தாங்கள் பணியிலிருந்து நீக்கப்படுகிறீர்கள்.

நிலுவை ஊதியமும் விடுப்பு ஊதியமும் இரண்டு வேலை நாட்களுக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் செலுத்தப்படும். வருங்கால வைப்பு நிதியில் எந்தப் பிடித்தமும் இல்லை. பணிக்கொடையைப் பொறுத்தவரை, இழப்பின் அளவுக்குப் பிடித்தம் செய்ய நிர்வாகம் கருதினால் அதற்கெனத் தனி அறிவிக்கை தந்து தங்கள் விளக்கத்தைக் கேட்ட பின்னரே முடிவெடுக்கும். அடையாள அட்டையையும் கிடங்குச் சாவியையும் நேர அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெறவும்.

இவ்வாணையை எதிர்த்து, இதைப் பெற்ற நாளிலிருந்து 30 நாட்களுக்குள் நிர்வாக இயக்குநரிடம் எழுத்துமூலம் மேல்முறையீடு செய்யலாம். விசாரணையில் பங்கேற்காத அவரே அதை ஆய்ந்து, தாங்கள் விரும்பினால் நேரிலும் கேட்டு ஆணையிடுவார். இது தவிர, 1947-ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பிரிவு 2ஏ-இன்படி சமரச அலுவலரிடம் முறையிட்டு, 45 நாட்கள் கடந்த பின் தொழிலாளர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகும் உரிமையும் தங்களுக்கு உண்டு. பணிநீக்க நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் நீதிமன்றத்தை அணுக வேண்டும்.

(ஒப்பம்)
பொது மேலாளர்

இணைப்பு: விசாரணை அறிக்கை நகல்.
நகல்: நேர அலுவலகம், கணக்குப் பிரிவு, பணிப்பதிவேடு.