சீட்டு எண் என்ன?

மங்களம் பாட்டி அன்று காலையிலிருந்து கைப்பேசியை இடுப்பிலேயே செருகி வைத்திருந்தார். வழக்கமாக அது அலமாரி மேல் கிடக்கும். மணி அடித்தால் யாராவது எடுத்துக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். இன்று யாரையும் அதைத் தொடவே விடவில்லை.

சாயங்காலம் முகில் பள்ளியிலிருந்து வந்ததும் அவனை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

“கண்ணு, உங்கப்பா கடன் மொத்தம் எவ்வளவு இருக்கும்? வட்டியோட சேர்த்து.”

“எனக்கு எப்படிப் பாட்டி தெரியும்? எதுக்குக் கேக்கறீங்க?”

“என் கண் ஆபரேஷனுக்கு வாங்கினதுதானே. அதை அடைச்சுடலாம்னு பார்க்கறேன்.”

முகில் அவர் முகத்தைப் பார்த்தான். ஆபரேஷனுக்குப் பிறகு அந்தக் கண்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் கடனைப் பற்றிப் பேச்சு வந்தாலே பாட்டி எழுந்து போய்விடுவது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இன்று அவரே அதைப் பேசுகிறார், அதுவும் சிரித்த முகத்தோடு.

“பணம் எங்கேர்ந்து வருது பாட்டி?”

பாட்டி கைப்பேசியை நீட்டினார். வாட்ஸ்அப்பில் வந்திருந்தது.

“வாழ்த்துக்கள்!!! உங்கள் கைபேசி எண் உலக அதிர்ஷ்ட குலுக்கலில் 25,00,000 பரிசு வென்று உள்ளது. பரிசு கோப்பு எண் 0871. 24 மணி நேரத்திற்குள் கீழ் உள்ள இணைப்பை அழுத்தி விவரங்கள் சமர்ப்பிக்கவும். செயலாக்க கட்டணம் 12,500 மட்டும். பாதுகாப்பு காரணமாக இந்த தகவலை யாரிடமும் பகிர வேண்டாம்.”

கூடவே ஒரு சான்றிதழின் படம். தங்க நிற ஓரம், வட்ட முத்திரை, கையெழுத்து, நடுவில் பாட்டியின் முழுப் பெயர்.

“என் பேர் சரியா இருக்கு பாரு. இனிஷியல்கூடத் தப்பில்லை” என்றார் பாட்டி.

அந்தப் பெயர்தான் அவரை நம்ப வைத்திருக்கிறது என்று முகிலுக்குப் புரிந்தது. “இது ஏமாத்து வேலை பாட்டி” என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. சொன்னால் பாட்டி கைப்பேசியை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்புறம் தனியாக உட்கார்ந்து அந்த எண்ணுக்குப் பேசுவார். அவன் கட்டிலில் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

“சரி பாட்டி, நாம ரெண்டு பேரும் சேர்ந்து பார்ப்போம். அவங்களுக்கு எதாவது அனுப்பினீங்களா?”

பாட்டி உடனே பதில் சொல்லவில்லை.

“அடையாள அட்டையைப் படம் பிடிச்சு அனுப்பச் சொன்னாங்க. பேங்க் புத்தகத்தோட முதல் பக்கமும். அனுப்பிட்டேன். லிங்க்கை அழுத்தலை. எழுத்து ரொம்பச் சின்னதா இருந்துச்சு, நீ வந்ததும் பார்க்கலாம்னு விட்டுட்டேன்.”

“பணம்?”

“நாளைக்குக் கட்டறேன்னு சொல்லியிருக்கேன்.”

முகிலுக்கு மூச்சு வந்தது. அடையாள அட்டையைப் பற்றிய கவலையை அப்போதைக்கு முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை.

முதலில் அனுப்பியவரின் எண்ணைப் பார்த்தார்கள். முன்னால் இருந்த நாட்டுக் குறியீடே வேறு. முகப்புப் படத்தில் ஒரு பெரிய வங்கியின் சின்னம் இருந்தது. “இந்தப் படத்தை யார் வேணும்னாலும் இறக்கி வச்சுக்கலாம் பாட்டி. நான்கூட இப்பவே வச்சுக் காட்டறேன்” என்று தன் கைப்பேசியில் அதே சின்னத்தை முகப்பில் வைத்துக் காட்டினான். பாட்டி இரண்டு கைப்பேசிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அடுத்து இணைப்பு. அவன் அதை அழுத்தவில்லை. எழுத்தைப் பெரிதாக்கி, பாட்டியையே படிக்கச் சொன்னான். தொடக்கத்தில் வங்கியின் பெயர் இருந்தது.

“பேங்க் பேர்தானே போட்டிருக்கு?”

“முன்னாடி இருக்கறதைப் பார்க்காதீங்க. முதல்ல ஒத்தையா ஒரு சாய்கோடு வருதுல்ல, அதுக்குச் சரியா முன்னாடி என்ன இருக்குன்னு பாருங்க. உண்மையான முகவரி அதுதான். அதுக்கு இடது பக்கம் புள்ளி வச்சு எந்தப் பேரை வேணும்னாலும் சேர்த்துக்கலாம்.”

பாட்டி விரலை வைத்து வலமிருந்து இடமாக வந்தார். சாய்கோட்டுக்கு முன்னால் இருந்தது யாரும் கேள்விப்படாத ஒரு பெயர்.

பிறகு செய்தியின் இரண்டாவது வரியை அப்படியே எடுத்து மேற்கோள் குறிக்குள் போட்டு இணையத்தில் தேடினான். அதே வரி, அதே கோப்பு எண் 0871. யாரோ ஒருவர் தன் அப்பாவுக்கு வந்ததாகப் போட்டிருந்தார். அந்தச் சான்றிதழிலும் அதே முத்திரை, அதே கையெழுத்து. பெயர் மட்டும் வேறு.

பாட்டி அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எல்லாருக்கும் ஒரே கோப்பு எண் எப்படி வரும்?” என்றார். குரல் மாறியிருந்தது. தபால் ஆபீஸில் மணியார்டர் கவுன்டரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ரசீதில் ஒரு எண் திரும்ப வந்தால் கணக்கை முடிக்காமல் வீட்டுக்கு வரமாட்டார் என்று அப்பா சொல்லி முகில் கேட்டிருக்கிறான். அந்த மங்களத்தை அவன் பார்த்ததில்லை. இப்போதுதான் பார்க்கிறான்.

அந்த நேரம் பார்த்துக் கைப்பேசி அடித்தது. அதே எண்.

முகில் அழைப்பைத் துண்டிக்கப் போனான். பாட்டி அவன் கையைப் பிடித்தார். “இரு. நான் ஒண்ணு கேக்கணும்.” ஒலிபெருக்கியைப் போடச் சொன்னார்.

“வணக்கம்மா. பரிசுப் பிரிவிலேர்ந்து பேசறேன். யார்கிட்டயும் சொல்லலையே?” நல்ல மரியாதையான குரல். பெற்ற பிள்ளை பேசுவதுபோல இருந்தது.

“சொல்லுப்பா. சீட்டு எண் என்ன?”

“என்னம்மா?”

“பரிசு விழுந்த சீட்டோட எண்.”

“உங்க மொபைல் எண்தாம்மா சீட்டு. கம்ப்யூட்டர் தேர்ந்தெடுத்திருக்கு.”

“நான் எந்தச் சீட்டும் வாங்கலையே. வாங்காத சீட்டுக்கு எப்படிப் பரிசு விழும்? எந்தத் தேதியில குலுக்கினீங்க? முடிவை எதுல வெளியிட்டீங்க?”

“அதெல்லாம் கம்பெனி விதிம்மா. நேரம் முடியப் போகுது, கட்டணத்தை மட்டும் கட்டிடுங்க. அது வரிப் பணம்தான்.”

“சரி, கட்டிடலாம். அந்த 12,500ஐப் பரிசுப் பணத்துலேயே கழிச்சுக்கிட்டு மீதியை அனுப்பு.”

எதிர்ப்பக்கம் சத்தமே இல்லை. முகில் பாட்டியைத் திரும்பிப் பார்த்தான். இந்தக் கேள்வியை அவன் சொல்லித்தரவில்லை.

“அப்படிக் கழிக்க முடியாதும்மா. முதல்ல நீங்க கட்டணும்.”

“யார் கணக்குல கட்டணும்?”

அவன் ஒரு பெயரைச் சொன்னான். ஒரு தனி ஆளின் பெயர்.

“வரின்னா அரசாங்கக் கணக்குக்குப் போகணும். உன் சிநேகிதன் கணக்குக்கு ஏன் போகுது?”

குரலில் இருந்த தேன் வற்றிப்போனது. “பாருங்கம்மா, உங்க அடையாள அட்டை எங்ககிட்ட இருக்கு. பாதியில விட்டா உங்க மேலதான் கேஸ் வரும். இப்ப ஒரு 6 இலக்க எண் வரும். அதை மட்டும் சொல்லுங்க, கட்டணத்தை நானே பார்த்துக்கறேன்.”

சொல்லி வைத்ததுபோல ஒரு குறுஞ்செய்தி வந்தது. பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதை முழுசாகப் படித்தார். வேறொரு கருவியில் அவருடைய வாட்ஸ்அப் கணக்கைத் திறப்பதற்கான எண் அது. யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அதிலேயே எழுதியிருந்தது.

“பரிசுன்னு இதுல ஒரு வார்த்தைகூட இல்லையேப்பா” என்று சொல்லிவிட்டு, பாட்டியே அழைப்பைத் துண்டித்தார்.

கை நடுங்கிக்கொண்டிருந்தது. முகில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். கேஸ் என்ற சொல் அவரை உலுக்கியிருந்தது.

“கேஸ் எதுவும் வராது பாட்டி. பயமுறுத்தினா சொல்லிடுவீங்கன்னு சொல்றான். அந்த எண் மட்டும் கிடைச்சிருந்தா உங்க பேர்ல உங்க சிநேகிதிங்க எல்லார்கிட்டயும் பணம் கேட்டிருப்பான்.”

“அட்டையை அனுப்பிட்டேனே.”

“அதுக்கும் செய்ய வேண்டியது இருக்கு. வாங்க.”

முதலில் செய்தி, சான்றிதழ், எண் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்தான். அதற்குப் பிறகுதான் அந்த எண்ணைப் புகார் செய்து தடுத்தான். முதலிலேயே தடுத்துவிட்டு அரட்டையை அழித்துவிட்டால் போலீஸில் காட்ட எதுவும் இருக்காது. வாட்ஸ்அப்பில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, பாட்டியையே ஒரு 6 இலக்க ரகசிய எண்ணை வைக்கச் சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டான்.

வங்கிக்கும் பேசினார்கள். எண்ணை இணையத்தில் தேட முகில் விடவில்லை, அங்கே போலி உதவி எண்களும் உலவுகின்றன. பாட்டியின் வங்கி அட்டைக்குப் பின்னால் அச்சடித்திருந்த எண்ணையே அழைத்தார்கள். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். ரகசிய எண்ணோ கடவுச்சொல்லோ எதுவும் போகவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, கணக்கில் ஒரு குறிப்புப் போடுவதாகவும், தெரியாத வரவு செலவு எதையாவது பார்த்தால் உடனே கூப்பிடும்படியும் சொன்னார். அடையாள அட்டை போனதைச் சைபர் குற்றப் பிரிவில் எழுதிக் கொடுத்துவிடுங்கள், நாளை அதை வைத்து யாராவது கடனோ சிம்மோ வாங்கினால் இந்தப் புகார்தான் உங்களைக் காப்பாற்றும் என்றார். “நாளைக் காலையிலேயே உங்கப்பாவோட போறேன்” என்றார் பாட்டி.

அப்பாவிடம் சொல்லத்தான் அவருக்குத் தயக்கம். “கடன் அடைக்கலாம்னு ஆசைப்பட்டேன்னு தெரிஞ்சா சங்கடப்படுவான்.”

“நான் பக்கத்துலேயே இருக்கேன் பாட்டி. அவன்கிட்ட நீங்க கேட்டதையும் சேர்த்துச் சொல்லுங்க. மீதியை அனுப்புன்னீங்களே, அதை நான் சொல்லட்டுமா?”

பாட்டி சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

“முகிலு, அந்தப் படத்துல இருந்த பேர் வேற யாரோடதோன்னு சொன்னே. அப்போ இது எனக்கு மட்டும் வரலை.”

“நிறையப் பேருக்கு அனுப்புவாங்க.”

“ராஜம் முந்தாநாள் போன் பண்ணி பத்தாயிரம் கைமாத்து கேட்டா. எதுக்குடின்னா சொல்ல மாட்டேன்னுட்டா. எங்கிட்ட எதையும் மறைக்காதவ அவ.”

மணி எட்டரை ஆகியிருந்தது. பாட்டி தானே எண்ணை அழுத்தினார். மூன்று தடவை அடித்த பிறகு ராஜம் எடுத்தார்.

“ராஜம், நான் மங்களம். கைமாத்து கேட்டியே, அது பரிசு விழுந்திருக்குன்னா கேட்டே?”

அந்தப் பக்கம் பேச்சே வரவில்லை.

“எனக்கும் விழுந்துச்சுடி. அதே 25 லட்சம். உன் கோப்பு எண்ணைப் படி பார்க்கலாம்.”

ராஜம் மெதுவாக, ஒவ்வொரு இலக்கமாகப் படித்தார். பூஜ்யம், எட்டு, ஏழு, ஒன்று.

“பணம் கட்டிட்டியா?”

“நாளைக்குக் காலையில பத்து மணிக்குள்ள கட்டச் சொல்லியிருக்கான்.”

“கட்டாதே. வேற யார் கூப்பிட்டாலும் எடுக்காதே. எந்த நம்பரையும் சொல்லாதே. நானும் பேரனும் இப்பவே அங்க வர்றோம். உன் பேங்க் கார்டைத் தேடி எடுத்து வை” என்று சொல்லிக்கொண்டே பாட்டி செருப்பைத் தேடினார்.